‘ரிஸ்க் 2% தான்’ என்கிறது கால்குலேட்டர்: நம்ம இதயத்துக்கு அந்தக் கணக்கு பொருந்துமா?

ஒரு உதாரணம். திருவண்ணாமலையைச் சொந்த ஊராகக் கொண்ட 42 வயது ஆண். வேலை சென்னையில், நாள் முழுக்க நாற்காலியில். பௌர்ணமிக்கு ஊருக்கு வந்தால் 14 கி.மீ. கிரிவலம் போய்விட்டு வருவார். சிகரெட் இல்லை, சர்க்கரை நோய் இல்லை, பார்க்க ஒல்லியானவர்தான். ஆனால் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அந்தப் பயத்தில் ஒருநாள் ரத்தப் பரிசோதனை செய்து, கையில் ரிப்போர்ட்டுடன் செல்போனில் ‘ஹார்ட் ரிஸ்க் கால்குலேட்டர்’ தேடுகிறார்.

மொத்தக் கொழுப்பு 200, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 38, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 128. எல்லாவற்றையும் போட்டதும் திரை இனத்தைக் கேட்கிறது: White, African American, Other. அவருக்கு இருக்கும் ஒரே வாய்ப்பு மூன்றாவது. அழுத்தினால் பதில்: அடுத்த 10 ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு சுமார் 2%. அதாவது, இவரைப் போன்ற 100 பேரில் 2 பேருக்கு. 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் ‘குறைந்த ஆபத்து’. நிம்மதியாகத் தூங்கலாமா?

Other என்றால் யார்?

இது அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2013-ல் வெளியிட்ட கணக்கு. அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட வெள்ளையர், கறுப்பினத்தவர் தரவுகளில் இருந்து உருவானது. தெற்காசியர்களுக்கென்று தனிச் சூத்திரம் அதில் கிடையாது. Other-ஐ அழுத்தினால், வெள்ளையருக்கான சூத்திரம்தான் பின்னால் ஓடும். ஆக, அந்த 2% என்பது இதே எண்களைக் கொண்ட ஒரு அமெரிக்க வெள்ளையரின் 2%.

அதைவிடப் பெரிய சிக்கல் வயது. மேலே சொன்ன அதே எண்களை அப்படியே வைத்து, வயதை மட்டும் 60 ஆக்கிப் பாருங்கள். 2% என்பது 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். கொழுப்பு மாறவில்லை, பிரஷர் மாறவில்லை, வயது ஒன்றுதான் மாறியது. வயதை இவ்வளவு நம்பும் கணக்கில், இளம் வயதிலேயே நோய் வருகிற மக்கள் குறைந்த எண்ணோடு தப்பிவிடுவார்கள்.

நாம் அப்படிப்பட்ட மக்கள்தான். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின் தெற்காசியத் தரவு 2007-ல் வெளியானது. முதல் மாரடைப்பின் நடு வயது மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம் சேர்ந்த தெற்காசியாவில் 53. ஆறு ஆண்டுகள் முன்னதாக!

கணக்கு ஒன்று, நடந்தது வேறு

கால்குலேட்டர் தவறுவதை நேரடியாகக் காட்டியது பிரிட்டனின் ‘யுகே பயோபேங்க்’ தரவு. அங்கே வாழும் எட்டாயிரத்துச் சொச்சம் தெற்காசிய வம்சாவளியினரையும், நாலரை லட்சம் ஐரோப்பிய வம்சாவளியினரையும் சுமார் 11 ஆண்டுகள் கவனித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. தொடக்கத்தில் கால்குலேட்டர் இரு தரப்புக்கும் சொன்ன ஆபத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். நிஜத்தில் ஐரோப்பியர்களில் 4.4 சதவீதம் பேருக்கு இதய, ரத்தக்குழாய் பாதிப்பு வந்தது. தெற்காசியர்களில் 6.8 சதவீதம். வயது போன்ற வித்தியாசங்களைச் சரிசெய்து பார்த்தால் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. இனத்தைத் தனியாகக் கேட்கும் பிரிட்டன் கருவியான கியூரிஸ்க்-3 கூட இந்த இடைவெளியைப் பிடிக்கவில்லை.

சரி, நம்ம உதாரண ஆளின் 2 சதவீதத்தை இரண்டால் பெருக்கிவிடலாமா? பெருக்கினாலும் 4% தான். அப்போதும் ‘குறைந்த ஆபத்து’. அதனால் பெருக்கல் மட்டும் போதாது. கால்குலேட்டர் கேட்காமல் விட்ட கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டது என்ன?

முதலில், தொப்பை. புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004-ல் தங்களையே ஒப்பிட்டு லான்செட் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1%, யாஜ்னிக்குக்கு 21.2%. வெயிங் மெஷினில் ஒரே ஆள், உள்ளே இரண்டு கதை. வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் இந்தக் கொழுப்பு, இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. சர்க்கரை மெல்ல ஏறும், ஹெச்டிஎல் இறங்கும். இதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே எச்சரிக்கை. நம்மவருக்கு 96 என்று வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் அதற்குக் கட்டமே இல்லை.

அடுத்து, சர்க்கரை. அவருடைய ஹெச்பிஏ1சி 6.1 என்றால், அது ப்ரீ-டயாபடிஸ். ஆனால் கால்குலேட்டர் கேட்பது ‘சர்க்கரை நோய் உண்டா, இல்லையா?’ என்று மட்டும்தான். 6.4 வரைக்கும் பதில் ‘இல்லை’. கணக்கில் பூஜ்யம்.

மூன்றாவது, பலரும் கேள்விப்படாத எல்பி(ஏ). கெட்ட கொழுப்பான எல்டிஎல் போன்ற ஒரு துகளில் கூடுதலாக ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். அளவை ஏறத்தாழ முழுதாக மரபணுதான் தீர்மானிக்கிறது. நடந்தாலும் டயட் இருந்தாலும் பெரிதாக மாறாது. தெற்காசியர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இது அதிகம். வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் வராது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் மாறாது என்பதால் வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் இந்தப் பரிசோதனையைச் சொல்கிறது.

எல்லாமே மரபணுவா என்றால், இல்லை. நமக்கு இளமையிலேயே மாரடைப்பு வருவதற்குப் பெரும்பகுதி காரணம், கொழுப்பு, சர்க்கரை, புகை போன்ற வழக்கமான காரணிகளே இளமையில் வந்துவிடுவதுதான் என்றது இன்டர்ஹார்ட். பயோபேங்க் தரவிலோ, இவற்றையெல்லாம் கழித்த பிறகும் கூடுதல் ஆபத்தில் ஒரு பகுதி மிச்சம் நின்றது. அந்த மிச்சம் என்ன என்பதில் விவாதம் தொடர்கிறது.

அப்போ 2% எதற்கு உதவும்?

பேச்சைத் தொடங்க உதவும். 2018 அமெரிக்க வழிகாட்டுதலே தெற்காசிய வம்சாவளி, அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் (அம்மா, அக்காவுக்கு 65-க்குள்) வந்த மாரடைப்பு, கூடுதல் எல்பி(ஏ) ஆகியவற்றை ‘ஆபத்தை உயர்த்துபவை’ என்று பட்டியலிட்டு, டாக்டர் அவற்றையும் சேர்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. நம்மவருக்கு இரண்டு ஏற்கெனவே டிக். அதனால் அவருக்கு உடனே மாத்திரை என்று அர்த்தமில்லை. எல்பி(ஏ), எல்டிஎல் அளவுகளைப் பார்த்து, இடுப்பையும் சர்க்கரையையும் இப்போதே இறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அர்த்தம். 2023-ல் வந்த புதிய ‘ப்ரிவென்ட்’ கால்குலேட்டர் இனத்தைக் கேட்பதையே விட்டுவிட்டது, பெரும்பாலும் பழையதைவிடக் குறைந்த எண்ணைத்தான் தரும். ஆனால் 30 முதல் 59 வயது வரை, 30 ஆண்டு ஆபத்தையும் காட்டுகிறது. 42 வயதுக்காரர் பார்க்க வேண்டியது அந்த எண்.

இன்னொன்று. இந்தக் கருவிகள் எல்லாமே அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானவை. கிரிவலத்தில் வேகமாக நடக்கும்போது நெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தி, நின்றால் சரியாகிவிடுகிறது என்றால், அங்கே 2 சதவீதத்துக்கு வேலையே இல்லை. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓய்விலும் வலி விடாமல், வியர்த்துக் கொட்டி, கைக்கோ தாடைக்கோ பரவினால் 108-ஐ அழைக்க வேண்டும். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.