மருத்துவரின் எரிச்சலும் ஒரு தகவல்தான்

சில நோயாளிகளின் பெயரை டோக்கன் சீட்டில் பார்த்ததுமே மருத்துவருக்கு மனம் சோர்ந்துபோகும். ரிப்போர்ட் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் வலி தீராது. ஒரு தொந்தரவு அடங்கினால் இன்னொன்று தலைதூக்கும். இந்தச் சோர்வை மருத்துவரின் பலவீனமாகப் பார்க்காமல், நோயைப் பற்றிய தகவலாகப் பார்த்தவர் மைக்கேல் பாலின்ட். ஹங்கேரியில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர். 1950-இல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில், பின்னாளில் தன் மனைவியான ஈனிட்டோடு சேர்ந்து பொது மருத்துவர்களைக் கூட்டி, அவர்களை வதைக்கும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். அந்த அனுபவம் 1957-இல் புத்தகமாக வந்தது. பொது மருத்துவத்தில் அதிகம் பயன்படும் மருந்து மருத்துவரேதான், ஆனால் அந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது, அதன் பக்கவிளைவு என்ன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அவருடைய வாதம். அந்தக் கூட்டங்களைத்தான் இன்று பாலின்ட் குழு என்கிறார்கள்.

அது நடக்கும் விதத்தைச் சமயபுரத்தில் வைத்துப் பார்ப்போம். இங்கே வரும் மருத்துவரும் நோயாளியும் கற்பனையே.

எட்டு மருத்துவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வழிநடத்துபவர் ஒருவர், அவருக்குத் துணையாக இன்னொருவர். ஒன்றரை மணி நேரம். "இன்று யார் மனதில் எந்த நோயாளி இருக்கிறார்?" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. கடைவீதியில் கிளினிக் வைத்திருக்கும் ஒருவர், குறிப்பேடு எதுவும் இல்லாமல், நினைவிலிருந்து பேசுகிறார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா, சர்க்கரை நோயாளி. வாரம் தவறாமல் வருகிறார். உடம்பெல்லாம் எரிச்சல் என்கிறார், சத்து ஊசி கேட்கிறார். மாசி, பங்குனியில் அம்மனோடு சேர்ந்து தானும் பச்சைப் பட்டினி இருக்கிறேன் என்று 28 நாளும் மாத்திரையை நிறுத்திவிட்டார். "கத்திவிட்டேன். அடுத்த வாரம் எதுவுமே நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தார்" என்கிறார் மருத்துவர்.

பிறகு, விவரம் தெளிய மட்டும் இரண்டு மூன்று கேள்விகள். கூட யார் வருவார்கள்? எந்த நேரத்தில் வருவார்? அதன்பின் அந்த மருத்துவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொள்கிறார். இனி அவர் பேசக்கூடாது. மற்றவர்கள் அந்த நோயாளியைத் தங்கள் நோயாளியாக எடுத்துக்கொண்டு பேசுவார்கள். எல்லோரும் தன்னையே பார்த்துப் பதில் எதிர்பார்க்காததால், கேட்க மட்டுமே அவருக்கு இடம் கிடைக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தடம் மாறும். ஒருவர் பி12 பார்த்தீர்களா என்பார், இன்னொருவர் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள் என்பார். இரண்டுமே நல்ல யோசனைகள். சர்க்கரை நோயாளியின் எரிச்சல் நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம், அதைக் கிளினிக்கில் முறையாகப் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் யோசனைகள் மழையாகக் கொட்டத் தொடங்கினால் கூட்டம் வழிதவறிவிட்டது என்று அர்த்தம். அப்போது வழிநடத்துபவர், "அந்த அம்மாவாக நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் என்ன தோன்றும்?" என்று கேட்பார்.

சிறிது மௌனத்துக்குப் பிறகு ஒரு இளம் மருத்துவர், "எனக்குக் கோபம் வருகிறது. யாருமே என்னிடம் எதையும் கேட்கவில்லை" என்கிறார். இன்னொருவர், "விரதம் யாருக்காக இருக்கிறார்?" என்கிறார். பதில் யாருக்கும் தெரியவில்லை. வழிநடத்துபவர் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார்: "சற்றுமுன் நாமும் நம் சக மருத்துவர் சொன்னதை உள்வாங்காமல் மருந்து எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்." கிளினிக் அறையில் நடந்தது இந்த வட்டத்திலும் அப்படியே நடந்திருக்கிறது. நல்ல வழிநடத்துபவர் கண் வைப்பது இதில்தான். குழு சலிப்படைந்தாலும், அந்த மருத்துவர் மேல் பாய்ந்தாலும், அது நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் நடப்பதைக் காட்டும் தடயமாக இருக்கக்கூடும்.

கடைசியில் மருத்துவர் மீண்டும் வட்டத்துக்குள் வருகிறார். அந்த அம்மா மகனைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் தன் கை மருந்துச் சீட்டின் பக்கம் போய்விடுகிறது என்கிறார். அதற்கு மேல் அவரைத் துருவக்கூடாது. இது அவருக்கான உளச் சிகிச்சை அல்ல. அவருடைய வீட்டுக் கதையை நோக்கிக் கேள்வி போனால், பேச்சை நோயாளியிடம் திருப்புவதும் அவரைக் காப்பதும் வழிநடத்துபவரின் வேலை. நோயாளியின் பெயர் சொல்லப்படுவதில்லை, அங்கே பேசியது வெளியே போவதுமில்லை.

அடுத்த முறை கூட்டம் குறைவான காலை வேளையில் அந்த அம்மாவை வரச்சொல்லி, பேனாவை எடுக்காமல், விரதம் யாருக்காக என்று கேட்கலாம். கால்களைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்றும் சோதிக்கலாம். எரிச்சல் போய்விடும் என்று குழு உறுதி சொல்வதில்லை. பாலின்ட் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை, மருத்துவர்கள் தாங்களே சொன்ன மதிப்பீட்டை நம்பியவை. ஒரே கூட்டத்தில் பெரிய மாற்றம் வராது. வாரம் ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ, அதே முகங்கள் மாதக்கணக்கில் கூடவேண்டும். தெரிந்தவர்கள் சேர்ந்து புலம்பும் இடமாக அது மாறிவிடாமல் இருக்க, இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் வட்டத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும்.