பாறையில் தேடுவது நீரின் வழியை

பின்லாந்தின் மேற்குக் கரையோரம் ஒல்கிலுவோட்டோ தீவில் அணு உலைகள் இயங்குகின்றன. அதே தீவின் அடியில், நானூறு மீட்டருக்கும் கீழே, உலைகளில் பயன்பட்டுத் தீர்ந்த எரிபொருளைப் புதைக்க ஒங்கலோ என்ற சுரங்கத்தை 2004 முதல் குடைந்துவருகிறார்கள். அங்குள்ள பாறை நைஸ் வகை. வயது 180 கோடி ஆண்டுக்கும் மேல்.

பழைய, கெட்டியான பாறை என்பதே போதும் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. எவ்வளவு கெட்டியான பாறையிலும் விரிசல்கள் உண்டு, அவற்றின் வழியே தண்ணீர் நகரும். புதைத்த கதிரியக்கப் பொருள் மேலே வரவேண்டுமானால் அந்தத் தண்ணீரில் கரைந்துதான் வரமுடியும். ஆகவே பாறை எவ்வளவு கடினம் என்பதைவிட, அதில் நீர் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதே முக்கியம்.

ஒல்கிலுவோட்டோவில் மேற்பரப்பை ஒட்டிய பாறையில் விரிசல்கள் நெருக்கமாக இருக்கும். ஆழம் கூடக்கூட, மேலுள்ள பாறையின் அழுத்தத்தால் நீர் ஓடும் விரிசல்கள் குறைகின்றன. அங்குள்ள நீரும் வேறு மாதிரியானது. மழைநீருடன் வரும் ஆக்சிஜனை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் கனிமங்களும் வழியிலேயே தீர்த்துவிடுவதால், ஆழத்து நீரில் அது இல்லை. எரிபொருளை வைக்கும் உருளையின் வெளிச்சுவர் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு. ஆக்சிஜன் இல்லாத நீரில் செம்பு மிக மெதுவாகவே அரிக்கப்படும். நீரில் சல்ஃபைடு இருந்தால் கதை மாறும். அதனால்தான் அதன் அளவைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். உருளையைச் சுற்றி பெண்டோனைட் களிமண்ணைத் திணிக்கிறார்கள். அது நீர் பட்டதும் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஆனால் துளையில் ஓட்டம் வேகமாக இருந்தால் களிமண்ணே அரித்துப் போய்விடும்.

அடுத்த கவலை பனியுகம். முன்பு அங்கே படிந்திருந்த பெரும் பனிப்பாளத்தின் பாரம் நீங்கியதால், ஒல்கிலுவோட்டோ இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஆறு மில்லிமீட்டர் உயர்ந்துவருகிறது. அடுத்த பனியுகம் முடியும்போது பெரிய நிலநடுக்கம் வரலாம். அப்போது நீண்ட விரிசல்களின் இரு பக்கமும் வழுக்கும். விரிசல் எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வழுக்கும். நடுவே உருளை இருந்தால் அது வெட்டுப்படும்.

எனவே தீவைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு துளைக்கும் தனிச் சோதனை நடக்கிறது. ஒரு விரிசல் சுரங்கத்தின் கூரை, சுவர்கள், தளம் என நான்கு பக்கமும் சுற்றி வந்தால், அது வெகுதூரம் நீளும் என்று கருதி, அது குறுக்கிடும் இடத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அதிக நீர் கசியும் துளையும் பயன்படாது.

இத்தகைய கண்டிப்பு இல்லாத இடம் ஜெர்மனியின் ஆஸ்ஸே. உப்புப் பாறை நல்ல தேர்வுதான். அது மெல்ல நெகிழ்ந்து விரிசலைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஆஸ்ஸே கழிவுக்காகத் தோண்டப்பட்டதல்ல, பழைய உப்புச் சுரங்கம். தோண்டியவர்கள் ஒரு பக்கத்தில் வெளிப்பாறைக்குச் சில மீட்டர் வரை உப்பைச் சுரண்டியிருந்தார்கள். 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பீப்பாய்க் கழிவுகள் அங்கே இறக்கப்பட்டன. 1988இல் நீர் உள்ளே வருவது தெரிந்தது. இப்போது அவற்றை வெளியே எடுக்க வேண்டும் என்று ஜெர்மானியச் சட்டமே சொல்கிறது.