உங்களுக்குப் பின் வந்தவரை ஏன் முதலில் அழைக்கிறார்கள்?

பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் எடுத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். பொதுவாக வரிசைப்படிதான் அழைக்கிறார்கள். ஆனால் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போகிறார். ஒரே ஊரில் இரண்டு விதமான வரிசை ஏன்?

வரிசைப்படி அழைப்பது ஏன் நியாயம்?

பத்துப் பேர் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மருத்துவர் ஒருவரைப் பார்க்க 5 நிமிடம் ஆகிறது. பத்தாவது ஆள் 45 நிமிடம் காத்திருக்க வேண்டும். அவரை முதலில் அனுப்பினால் அவருக்கு 45 நிமிடம் மிச்சம். ஆனால் மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கு 5 நிமிடம் கூடுதலாகக் காத்திருப்பார்கள். அதுவும் மொத்தம் 45 நிமிடம்தான். ஒருவருக்கு மிச்சமான நேரத்தை மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் காத்திருப்பதால் வரும் சிரமம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, இப்படி மாற்றுவதில் நியாயம் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்க வந்த ஒருவரை, அதே மருந்துக்கு வந்த இன்னொருவருக்கு முன்னால் அனுப்பக் காரணம் கிடையாது. தெரிந்தவர் என்பதும் காரணம் ஆகாது.

எப்போது வரிசையை மாற்ற வேண்டும்?

காத்திருப்பதால் ஒருவருக்கு மீள முடியாத பாதிப்பு வரும் என்றால் வரிசையை மாற்றத்தான் வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

தேக்கா சந்தையில் வழுக்கி விழுந்த ஒரு பெரியவர், கணுக்கால் வீங்கி, காலை 10.00 மணிக்கு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். 10.40க்கு ஓர் அம்மாவை அவர் மகன் அழைத்து வருகிறார். காலை 8.00 மணிக்கு அவருடைய வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறத் தொடங்கியது. இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைப்பதால்தான் பெரும்பாலான பக்கவாதம் வருகிறது. அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதாவது இந்த அம்மாவுக்குப் பகல் 12.30 வரைதான் நேரம். வரிசைப்படி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தால் மணி 12.10 ஆகிவிடும். அதற்குப் பிறகு தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து மருந்து கொடுக்க நேரம் போதாது. பெரியவருக்குக் கால் வலிக்கும், சிரமம்தான். ஆனால் சற்றுப் பொறுத்தாலும் அவர் கால் குணமாகும். ஆகவே அந்த அம்மாவை உடனே உள்ளே அழைத்துச் செல்கிறார்கள்.

யார் முடிவு செய்கிறார்கள்?

நீங்கள் வந்ததும் தாதி ஒருவர் உங்களிடம் விசாரித்து, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு முதலியவற்றைப் பார்ப்பார். பிறகு நான்கு பிரிவுகளில் ஒன்றில் சேர்ப்பார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்கள் பி1. நடக்க முடியாத அளவுக்குக் கடுமையாக நோயுற்றவர்கள் பி2. நடக்கக்கூடியவர்கள், ஆனால் சிகிச்சை தேவைப்படுபவர்கள் பி3. அவசரம் இல்லாதவர்கள் பி4. ஒரே பிரிவுக்குள் மறுபடியும் முதலில் வந்தவருக்கே முதலிடம். அவசர மருத்துவ வாகனத்தில் வந்தாலும் இதே முறைதான். வாகனத்தில் வந்ததற்காக மட்டும் யாரும் முந்த முடியாது.

வாகனத்தில் வருபவர்கள் பெரும்பாலும் வேறு வாசல் வழியாக உள்ளே செல்வார்கள். அவர்களை நீங்கள் பார்க்க முடியாது. காத்திருக்கும் அறையில் கூட்டம் குறைவாக இருந்தும் உங்கள் எண் நகராமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

தாதி உங்களைப் பார்த்தபோது இருந்த நிலையை வைத்துத்தான் பிரிவு முடிவாகிறது. காத்திருக்கும்போது உடல்நிலை மாறலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், கை கால் மரத்துப்போதல் ஏற்பட்டால் "என் எண் வரட்டும்" என்று பேசாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே தாதியிடம் சொல்லுங்கள். அவர் மீண்டும் பரிசோதித்து உங்கள் பிரிவை மாற்றலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும். மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டுமே தெரியலாம். ஆகவே நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். தூங்கி எழுந்தபோதே அறிகுறி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். மருத்துவர் அந்த நேரத்திலிருந்துதான் கணக்கிடுவார்.

பக்கவாதம், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் வீட்டிலிருந்தே 995ஐ அழையுங்கள். சளி, இருமல் போன்றவற்றுக்குக் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ செல்லுங்கள். அங்கே பொதுவாக உங்கள் முறை வரிசைப்படி வரும்.