தலைப்பு எப்போது கண்ணில் படுகிறது?

யூடியூபில் நீள வீடியோவுக்குத் தலைப்புதான் வாசல். அதையும் முகப்புப் படத்தையும் பார்த்துத்தான் ஆள் உள்ளே வருவார். "மிளகு ரசம் ஏன் கசக்கிறது?" என்று கேட்டால், கசந்த ரசம் வைத்தவர் கட்டாயம் தட்டுவார்.

ஷார்ட்ஸில் கதை தலைகீழ். விரலால் தள்ளியதுமே வீடியோ ஓடத் தொடங்கிவிடும். தலைப்பு அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும். ஆளை நிறுத்துவது முதல் ஓரிரு நொடிக் காட்சி. தேடி வருபவருக்காக, "கசக்காத மிளகு ரசம்" என்று மூன்று சொல் வைத்தால் போதும்.

சிக்கல் நேரலையில்தான். "நேரலை! இப்போதே வாருங்கள்! அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு" என்று போடுகிறார்கள். நேரலை என்ற அடையாளத்தை யூடியூபே ஒட்டிவிடும். நீளத் தலைப்பின் வாலைக் கைபேசித் திரை வெட்டிவிடுவதால் ஊரும் நிகழ்ச்சியும் முன்னால் வரவேண்டும்: "அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு: காளைகள் களத்தில்".

ஒளிபரப்பு 12 மணி நேரத்துக்குள் முடிந்தால், வழக்கமாக அதே தலைப்போடு பதிவாகத் தங்கிவிடும். பொங்கல் முடிந்து ஒரு மாதமாகியும் "இப்போதே வாருங்கள்" என்று அது கூவிக்கொண்டிருக்கும், பந்தி முடிந்த பிறகும் அழைப்பதுபோல. முடிந்த அன்றே யூடியூப் ஸ்டூடியோவில் "அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு 2025: முழுப் பதிவு" என்று திருத்திவிடலாம். இணைப்பு முகவரி மாறாது.