முடியும் தேதி மட்டும் போதாது

நாமக்கல் பக்கத்து லாரி ஆபீஸ்களில் சூப்பர்வைசரின் செல்போனைத் திறந்தால் பாதி படங்கள் வண்டித் தாள்களாகத்தான் இருக்கும். இன்சூரன்ஸ் பாலிசி, எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, புகைச் சான்று ஆகிய மூன்றும் ஒவ்வொரு வண்டிக்கும் வேறு வேறு நாளில் முடியும். இருபது வண்டி என்றால் அறுபது தேதி. அத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், தாளை ஸ்கேன் செய்து தேதிகளை எக்செல் பட்டியலில் ஏற்றும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் ஒரு தேதி தப்பாக ஏறிவிட்டால் அது பட்டியலே இல்லாததைவிட மோசம், ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி வண்டியை அனுப்பிவிடுவோம்.

எஃப்.சி. முடிந்த லாரியை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதுவதில்லை. புகைச் சான்று இல்லையென்றால் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீடு முழுதும் உரிமையாளர் தலையில்தான் விழும். அதனால் தேதி எப்படித் தப்புகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் சிக்கல் தாளிலேயே இருக்கிறது. ஒரு பாலிசியை எடுத்துப் பாருங்கள். பாலிசி வழங்கிய நாள், பணம் கட்டிய ரசீதின் நாள், காப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், போன வருடப் பாலிசி முடிந்த நாள் என்று ஒரே தாளில் நாலைந்து தேதிகள் இருக்கும். நமக்கு வேண்டியது காப்புக் காலம் என்ற வரியில் நள்ளிரவு வரை என்று குறிப்பிட்டிருக்கும் தேதி. அவசரத்தில் வேறொன்றை எடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளும் இதே இடத்தில் தடுமாறும்.

இரண்டாவது சிக்கல் படத்தின் தரம். எஃப்.சி. தாள் கேபினுக்குள் நாலாக மடிந்து கிடக்கும். மடிப்புக் கோடு சில நேரம் தேதியின் மேலேயே ஓடும். லேமினேஷன் போட்ட தாளில் வெளிச்சம் பட்டு ஒரு எண் வெளுத்துப்போகும். 8 என்பது 3 ஆகத் தெரியும், 1 என்பது 7 ஆகும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி இன்னும் மங்கும். "அண்ணே, தாள மேசை மேல விரிச்சு வெச்சு எடுங்க, போட்டோவா வேண்டாம், டாகுமெண்டா அனுப்புங்க" என்று டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மீதித் தொல்லைக்கு நான் நம்புவது ஒரே ஒரு ஏற்பாட்டைத்தான். முடியும் தேதியோடு தொடங்கும் தேதியையும் ஏற்ற வேண்டும். பெரும்பாலான ஆபீஸ்களில் முடியும் தேதி மட்டும்தான் இருக்கிறது. அதைச் சோதிக்க வழியே இல்லை. தொடக்கமும் முடிவும் இருந்தால் ஒன்றை வைத்து மற்றொன்றைப் பிடிக்கலாம். B-யில் தொடக்கம், C-யில் முடிவு என்று வையுங்கள்:

```
=C2-B2
=C2-TODAY()
```

முதல் வரி தாளின் மொத்தக் காலம், இரண்டாவது இன்னும் மிச்சமுள்ள நாள். கணக்கு வரும் இரண்டு கட்டங்களும் எண் வடிவத்தில் இருக்கட்டும்.

ஒரு லாரியின் பாலிசி 18/08/2025 முதல் 17/08/2026 வரை என்று வைத்துக்கொள்வோம். முதல் வரியின் விடை 364. ஓராண்டுப் பாலிசி எதற்கும் 364 வரும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் 365. இப்போது மங்கலான படத்தில் மாதத்தின் 8, 3 ஆகப் படிக்கப்பட்டால் முடிவு 17/03/2026 ஆகிவிடும். விடை 211 என்று வந்து உடனே காட்டிக்கொடுக்கும். இந்தத் தப்பு அவ்வளவு ஆபத்தில்லை, முன்கூட்டியே எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். 2026 என்பது 2028 ஆகிவிட்டால்தான் ஆபத்து. இரண்டு வருடத்துக்கு அந்த வண்டி பட்டியலில் பச்சையாகவே நிற்கும். அங்கேயும் விடை 1,095 என்று வந்து நிற்க, யாராவது தாளைத் திரும்பப் பார்ப்பார்கள்.

எக்செல் செய்யும் குழப்பம் ஒன்றும் இதில் பிடிபடும். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 05/06/2026 என்று அடித்ததை ஜூன் 5 ஆக எடுத்துக்கொள்ளாது, மே 6 என்று எடுத்துக்கொள்ளும். 06/06/2025-ல் தொடங்கும் பாலிசிக்கு அப்போது 364-க்குப் பதில் 334 வரும். 17/08/2026 என்று அடித்தால் பதினேழாம் மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காது. கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், கழித்தால் #VALUE! என்று வரும். 2026-08-17 என்று வருடத்தை முன்னால் வைத்து அடித்தால் இரண்டு குழப்பமும் இல்லை. ஸ்கேன் கோப்பின் பெயரிலும் வண்டி எண்ணுக்குப் பிறகு தேதியை இப்படியே எழுதினால் தேடும்போது பழையதும் புதியதும் வரிசையாக நிற்கும்.

எஃப்.சி.க்கு எட்டு வருடத்துக்கு உட்பட்ட லாரி என்றால் இரண்டு வருடம், அதற்கு மேல் என்றால் ஒரு வருடம். புகைச் சான்று பி.எஸ்.4 வண்டிக்கும் அதற்குப் பிந்தைய வண்டிக்கும் ஒரு வருடம், அதைவிடப் பழைய வண்டிக்கு ஆறு மாதம். இவற்றில் சில நாள் முன்பின் வரலாம். மாதக்கணக்கில் விலகினால் தாளை எடுத்துப் பாருங்கள்.

இந்தச் சோதனைக்கும் தப்பும் பிழைகள் உண்டு. இரண்டு தேதியிலும் மாதம் ஒரேபோலத் தப்பினால் விடை 364 என்றே வரும். இன்னொரு வண்டியின் தாள் இந்த வண்டியின் வரியில் ஏறிவிட்டாலும் கணக்கு சரியாகவே இருக்கும். அதற்கு, சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் பட்டியலில் வைத்துத் தாளோடு ஒப்பிட வேண்டும். பிறகு mParivahan செயலியில் வண்டி எண்ணைப் போட்டு அங்கே காட்டும் தேதிகளோடு சரிபார்க்க வேண்டும். புதுப்பித்த இன்சூரன்ஸ் அதில் ஏறச் சில நேரம் தாமதமாகலாம். அப்படி முரண்பட்டால் பாலிசித் தாளைப் பார்த்துவிட்டுக் கம்பெனியிடம் கேட்பதுதான் முறை.

தேதி சரியாக ஏறிவிட்டது. எத்தனை நாளுக்கு முன்னால் மணி அடிக்க வேண்டும்? மூன்றுக்கும் ஒரே கணக்கு வைப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. இன்சூரன்ஸ் முடிவதற்குள் புதுப்பிப்பதாக இருந்தால் வண்டி எங்கே நின்றாலும் ஆபீஸில் இருந்தே முடித்துவிடலாம். புகைச் சான்றுக்கு வண்டி பரிசோதனை மையத்துக்கு வர வேண்டும், வேலை சில நிமிடம்தான். எஃப்.சி. அப்படியில்லை. பெயின்ட், வெல்டிங், லைட், பிரதிபலிப்புப் பட்டை, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று வேலை பார்த்து முடித்துத்தான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வடக்கே லோடு ஏற்றிப் போன லாரி திரும்பும் நாளையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு முன்பே சொன்னால்தான் சமாளிக்க முடியும். எஃப்.சி. எடுக்கும்போது நடப்பு இன்சூரன்ஸும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும் என்பதால், அந்த இரண்டில் ஏதாவது அதே வாரத்தில் முடிவதாக இருந்தால் அதை முதலில் புதுப்பித்துவிட வேண்டும்.

உங்கள் பட்டியலில் இப்போது முடியும் தேதி மட்டும்தான் இருக்கிறது என்றால், இந்த வாரமே தொடங்கும் தேதிக்கு ஒரு கட்டத்தைச் சேர்த்து, இரண்டையும் கழித்துப் பாருங்கள். ஓராண்டுப் பாலிசியில் 364-ம் 365-ம் அல்லாத எண் எந்த வரியில் வருகிறதோ, அந்த வண்டி அடுத்த லோடுக்குக் கிளம்புவதற்குள் அதன் தாளை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.