பழைய எண்ணுக்குப் புதிய ஆள்

புது சிம் வாங்கியவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் வங்கி ஓடிபி வருவது ஏன்?

இந்தியாவில் கைபேசி எண்களுக்குப் பத்து இலக்கம்தான். அதனால் கைவிடப்பட்ட எண்ணை நிறுவனங்கள் இன்னொருவருக்குத் தருகின்றன. இணைப்பைத் துண்டித்தபின் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வங்கியின் பதிவேட்டில் அந்த எண் பழையவர் பெயரிலேயே நிற்கும். ஓடிபி அனுப்பும் கணினி எண்ணை மட்டுமே பார்க்கிறது. சிம் யார் கையில் என்று அதற்குத் தெரியாது.

உண்மையான ஆபத்து ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற பொத்தானில் இருக்கிறது. புதியவர் அதை அழுத்தி எண்ணைக் கொடுத்தால், பழையவரின் மின்னஞ்சலைத் திறக்கும் குறியீடு இவருக்கே வரக்கூடும். மின்னஞ்சல் திறந்தால் மற்றக் கணக்குகளும் ஒவ்வொன்றாகத் திறக்கும். வாட்ஸ்அப் ஓரளவு தடுக்கிறது: 45 நாள் பயன்படுத்தாத கணக்கு வேறு கருவியில் தொடங்கப்பட்டால், பழைய விவரங்களை நீக்கிவிடுகிறது.

எண்ணை விடுவதென்றால் வரிசை முக்கியம். பல இடங்களில் எண்ணை மாற்றவே பழைய எண்ணுக்கு ஓடிபி வரும். ஆகவே சிம் உயிரோடு இருக்கும்போதே முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். ரீசார்ஜை அதன்பிறகு நிறுத்தலாம்.