ஆங்கிலத்தில் வரும் ரயில் அறிவிப்பும் 72 மணி நேரக் கெடுவும்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது. தாமிரபரணியும் அதன் குளங்களும் உடைத்துக்கொண்டு வந்ததில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டன. தகவல் நேரத்துக்கு வந்ததால் ரயில் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பேர் அங்கே சிக்கினார்கள். 19ஆம் தேதி மீட்கப்பட்டவர்கள் பேருந்தில் வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

அந்த ரயிலில் இருந்தவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அதற்கடுத்த நாட்களில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தவர்களின் சங்கடம் வேறு மாதிரியானது. பாதையைச் சரிசெய்ய ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. அவ்வளவு நாளும் எந்த வண்டி ஓடும், எது ஓடாது, எங்கிருந்து கிளம்பும் என்பதைப் பயணி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது கையிலிருக்கும் போனில்தான். ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியும் டிக்கெட் செயலிகளும் குறுஞ்செய்திகளும் இந்தத் தகவலைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே தருகின்றன. அந்த அறிவிப்பில் இருக்கும் ஒரு சொல்தான் பணம் தானாகத் திரும்பி வருமா, கேட்டால்தான் வருமா, கேட்டாலும் வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

நாசரேத்தில் ஏறி எழும்பூர் போக வேண்டிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். செயலியில் வண்டி எண்ணுக்கு நேராக CANCELLED என்று வந்தால் வண்டி முழுதாக ரத்து. இணையத்தில் எடுத்த டிக்கெட்டாக இருந்தால் முழுப் பணமும் தானாகவே வங்கிக் கணக்குக்குத் திரும்பிவிடும். எந்த விண்ணப்பமும் வேண்டாம். கவுன்டரில் எடுத்ததாக இருந்தால் டிக்கெட்டைக் கவுன்டரில் ஒப்படைத்துத்தான் பணம் பெற வேண்டும்.

PARTIALLY CANCELLED என்று வந்தால் கதை மாறுகிறது. பாதையின் ஒரு துண்டில் மட்டும் வண்டி ஓடாது என்று பொருள். திருச்செந்தூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரத்து என்றால், அதே வண்டி திருநெல்வேலியிலிருந்து வழக்கம்போலக் கிளம்பிச் சென்னை போய்விடும். நாசரேத் பிளாட்பாரத்தில் காத்திருப்பவருக்கு வண்டி வராது. ஆனால் ரயில்வேயின் கணக்கில் வண்டி ஓடியிருக்கிறது. ஆகவே பணம் தானாக வருமென்று நம்பி உட்காரக் கூடாது. டி.டி.ஆர். எனப்படும் டிக்கெட் வைப்பு ரசீதை இணையத்தில் பதிந்து, காரணத்தைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கேட்க வேண்டும். இதற்குத் தரப்படும் அவகாசம் 72 மணி நேரம். நான்காம் நாள் விவரம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிப் புரிந்துகொள்ளும்போது கெடு கடந்திருக்கும்.

DIVERTED என்பது வண்டி வேறு பாதையில் திருப்பி விடப்பட்டது என்பது. நாம் ஏறும் ஊரையோ இறங்கும் ஊரையோ அது தொடாமல் போனால் முழுப் பணம் கேட்கலாம், இதற்கும் டி.டி.ஆர். வேண்டும். SHORT TERMINATED என்றால் கடைசி ஊருக்கு முன்பே வண்டி நிறுத்தப்படுகிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் இதைப் போட்டால், பயணம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று படிக்கும்படி ஏதாவது வந்து நிற்கலாம். RESCHEDULED என்பது ரத்து இல்லை. கிளம்பும் நேரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இதில் நினைவில் வைக்க வேண்டியது மூன்று மணி நேரக் கணக்கு. நாம் ஏறும் நிலையத்தில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் அந்த வண்டி நம் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். பதிந்திருக்க வேண்டும். இங்கே 72 மணி நேரம் கிடையாது.

பாதி வழியில் சிக்கியவர்களுக்குத் தனி விதி உண்டு. வெள்ளம், பாதை உடைப்பு போன்றவற்றால் பயணம் நின்றுபோய், நியாயமான நேரத்துக்குள் ரயில்வே மாற்று ஏற்பாடு செய்து கொண்டுசேர்க்க முடியாவிட்டால், முழுப் பயணத்தின் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ரயில்வே பேருந்தோ வேறு ரயிலோ ஏற்பாடு செய்தும் பயணி வேண்டாம் என்று கிளம்பிவிட்டால், அதுவரை வந்த தூரத்துக்கான கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இவையெல்லாம் பயன்பட வேண்டுமானால் அறிவிப்பு முதலில் நம் கைக்கு வர வேண்டும். நெல்லைச் சீமையின் கிராமங்களில் பலர் கம்ப்யூட்டர் சென்டரில்தான் டிக்கெட் போடுகிறார்கள். அப்போது கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிட்டால், ரத்துச் செய்தி அவருக்குப் போகும். பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கு வந்துவிடுவார். டி.டி.ஆர். பதிவதும் டிக்கெட் எடுத்த கணக்கிலிருந்துதான் முடியும். பணமும் அந்தக் கணக்கின் வழியாகவே திரும்பும். டிக்கெட் எடுக்கும்போதே பயணியின் எண்ணைத்தான் போட வேண்டும் என்று சொல்லி, அச்சிட்டு வரும் தாளில் அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பிளாட்பாரம் மாறும்போது ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. 2025 பிப்ரவரி 15 இரவு புதுடெல்லி நிலையத்தில் ஏற்பட்ட நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ், பிரயாக்ராஜ் ஸ்பெஷல் என்று பெயர் ஒத்த இரண்டு வண்டிகளின் அறிவிப்பால் எழுந்த குழப்பமே காரணம் என்று டெல்லி காவல்துறைத் தரப்பு முதலில் சொன்னது. படிக்கட்டில் ஒருவர் தலையிலிருந்த பெரிய மூட்டை விழுந்ததே காரணம் என்று ரயில்வே அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் சொன்னார். காரணம் எதுவானாலும், பெயரை மட்டும் வைத்து வண்டியைத் தேடுவது ஆபத்து என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஐந்து இலக்க வண்டி எண் எந்த மொழியிலும் ஒன்றேதான். பூஜ்யத்தில் தொடங்கினால் அது சிறப்பு ரயில். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

செயலியில் தெரியும் பிளாட்பார எண் உத்தேசம்தான். வண்டி உள்ளே வருவதற்குச் சற்று முன்பு அது மாறலாம். திருநெல்வேலி ஜங்ஷனில் மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் என்று நாலு பக்கப் பாதைகளும் சேர்வதால், ஒரு வண்டி தாமதமானாலே மற்றொன்று இடம் மாற வேண்டி வரும். போனைப் பார்த்தபடி நிற்காமல், தமிழ் ஒலிபெருக்கி அறிவிப்பையும் நிலையப் பலகையையும் கவனிக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் தண்டவாளத்தில் குதித்துக் கடப்பது சட்டப்படி குற்றம். வண்டி போனாலும் மேம்பாலத்தில்தான் ஏற வேண்டும்.

மாற்று வழி என்று திரை காட்டுவதையும் அப்படியே நம்ப முடியாது. திருச்செந்தூர் ரயில் பாதையும் சாலையும் ஒரே ஆற்றை ஒட்டிப் போகின்றன. 2023 வெள்ளத்தில் பாதையோடு சாலைகளும் அறுந்து, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தீவாகிவிட்டன. வரைபடச் செயலி ரயிலுக்குப் பதிலாகச் சாலையைக் காட்டினால், அந்தச் சாலை திறந்திருக்கிறதா என்பதை மாவட்ட நிர்வாகத்தின் தமிழ் அறிவிப்பில் உறுதிசெய்த பிறகே கிளம்ப வேண்டும்.

டிக்கெட் செயலியில் இன்னொரு மாற்று வழியும் உண்டு. விகல்ப் என்பது அதன் பெயர். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர் இதற்குச் சம்மதித்தால், வேறொரு ரயிலில் அவருக்கு இடம் ஒதுக்கப்படலாம். ஏறும் நிலையமும் இறங்கும் நிலையமும் பக்கத்து ஊருக்கு மாறக்கூடும். இடம் ஒதுக்கிய பிறகு அந்த ரயிலில் போகாமல் ரத்து செய்தால் உறுதியான டிக்கெட்டுக்குரிய பிடித்தம் உண்டு. என்ன கேட்கிறது என்று புரியாமலே அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, பட்டியல் தயாரான பின் பி.என்.ஆர். நிலையைப் பார்க்காமல் பழைய வண்டிக்காகக் காத்திருந்தால் இருக்கையோடு பணமும் போகக்கூடும்.

இவ்வளவும் தமிழிலேயே வந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நிலையத்துச் சுவருக்குச் சட்டம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 49ஆம் பிரிவு, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டிகள் வந்துபோகும் நேரப் பட்டியலை இந்தி, ஆங்கிலத்தோடு அந்த வட்டார மொழியிலும் ஒட்டச் சொல்கிறது. செல்போன் புழக்கத்துக்கு வராத காலத்துச் சட்டம் அது. செயலியையும் குறுஞ்செய்தியையும் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நேர அட்டவணையைத் தமிழில் கேட்க உரிமை உள்ள பயணிக்கு, அந்த நேரம் மாறியதைப் போனில் தமிழில் கேட்கச் சட்டத்தில் இடம் சொல்லப்படவில்லை. மதுரைக் கோட்டம் செய்திக்குறிப்புகளைத் தமிழிலும் வெளியிடுகிறது. ஆனால் திருநெல்வேலிக்குத் தெற்கே நாகர்கோவில் பாதை திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தது. ஒரு வண்டிக்கு இரண்டு கோட்டங்களின் அறிவிப்பையும் பார்க்க வேண்டிய நிலை இங்கே உண்டு. ஏன் தமிழில் அனுப்பவில்லை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அந்த மனுவைத் தமிழிலேயே எழுத அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு இடம் தருகிறது.

உடனடி உதவிக்கு 139. பன்னிரண்டு மொழிகளில் இயங்குவதாக ரயில்வே அறிவித்திருக்கும் இந்த எண்ணில் வண்டியின் நிலையைக் கேட்கலாம், புகாரும் கொடுக்கலாம். பணம் திரும்பாதபோது இணையத்தில் தேடிக் கிடைக்கும் ஏதோ ஓர் எண்ணை அழைப்பதுதான் பெரிய கண்ணி. பணம் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஓ.டி.பி. கேட்பவரும், போனைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை இறக்கச் சொல்பவரும் மோசடிக்காரர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

கட்டணத்தைத் திரும்பப் பெறும் வழக்குகளுக்கு ரயில்வே உரிமைக்கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சேவைக் குறைபாட்டால் வேறு நஷ்டம் ஏற்பட்டிருந்தால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். ஜம்முவுக்கு நான்கு மணி நேரம் தாமதமாக வந்த ரயிலால் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு, டாக்சிச் செலவு 15,000 ரூபாய் உள்ளிட்ட இழப்பீட்டை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்ததென்று ரயில்வே நிரூபிக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. பெருவெள்ளம் அப்படி நிரூபிக்கக்கூடிய காரணம் என்பதால், டிசம்பர் 17 போன்ற இரவுகளுக்கு இந்தத் தீர்ப்பை வைத்து நஷ்டஈடு வாங்குவது கடினம். டிக்கெட் பணத்தை மட்டும் உரிமையோடு கேட்கலாம்.

வழக்கோ புகாரோ, கையில் சான்று வேண்டும். செயலியில் அறிவிப்பு தெரிந்த உடனே, வண்டி எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வையுங்கள். நிலைமை சீரானதும் அந்த வரி திரையிலிருந்து மறைந்துவிடும்.